வயிற்றின் கதையும் வேலியின் கதையும்



ஷேக்ஸ்பியரின் ‘கோரியலேனஸ்’ நாடகம் பசியில் தொடங்குகிறது. முதற்காட்சியிலேயே ரோமாபுரியின் ஏழை மக்கள் தடிகளும் ஆயுதங்களும் ஏந்தி மேடைக்கு வருகின்றனர். பட்டினியால் சாவதைவிடப் போராடிச் சாவதே மேல் என்று உறுதி பூணுகின்றனர். பிரபுக்களின் களஞ்சியங்கள் நிரம்பி வழியத் தாங்கள் மட்டும் ஏன் மெலிய வேண்டும் என்று கேட்கின்றனர்.

இதைப் பண்டைய ரோமின் கதையாக மட்டும் வாசிக்கலாம். 1980-களில் ஸ்டீபன் கிரீன்பிளாட் முதலியோர் வளர்த்த புதுவரலாற்றியம் வேறொரு வழியைக் காட்டுகிறது. நாடகத்தை அதே காலத்தில் எழுந்த மற்றொரு எழுத்தின் அருகே வைத்து, இரண்டையும் சமமான கூர்மையோடு வாசிப்பதே அவ்வழி. அதன்படி வரலாறு என்பது இலக்கியத்தின் பின்னால் தொங்கும் திரையன்று. துண்டறிக்கையும் வாசிக்கத்தக்க பனுவலே.

அத்தகைய துண்டறிக்கை ஒன்று உண்டு. நாடகம் 1608-ஐ ஒட்டி எழுதப்பட்டதென்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதற்கு முந்தைய ஆண்டு, 1607-இல், இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் உழவர் கிளர்ச்சி மூண்டது. ஷேக்ஸ்பியரின் சொந்த மாவட்டமான வார்விக்‌ஷயரும் அவற்றுள் ஒன்று. நிலவுடைமையாளர்கள் உழுநிலங்களையும் பொதுநிலங்களையும் வேலியிட்டு வளைத்து, ஆட்டு மேய்ச்சலுக்கு ஒதுக்கியதே காரணம். மக்கள் வேலிகளைப் பிடுங்கினர், அகழிகளைத் தூர்த்தனர். ஜூன் 8 அன்று நார்த்தாம்டன்ஷயரின் நியூட்டன் என்னுமிடத்தில் நிலப்பிரபுக்களின் படை அவர்களைத் தாக்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அக்காலக் கடிதமொன்று கூறுகிறது.

வார்விக்‌ஷயரின் ‘மண்வெட்டியாளர்கள்’ ஏனைய மண்வெட்டியாளர்களுக்கு விடுத்த அறைகூவல் கையெழுத்துப் படியாக இன்றும் உள்ளது. 1649-இல் வின்ஸ்டன்லி தலைமையில் திரண்டோருக்கும் இதே பெயர்தான். இவர்களோ நாற்பதாண்டுகள் முந்தியவர்கள். அறிக்கை மன்னர் ஜேம்ஸுக்கு விசுவாசம் கூறித் தொடங்குகிறது; சினமெல்லாம் நிலம் வளைத்தோர்மீதே. அவர்கள் ஏழைகளின் தசையை வறுமையெனும் சாணைக்கல்லில் தீட்டுகின்றனர். தம் கொழுத்த ஆட்டு மந்தைகளின் நடுவே தாம் மட்டும் வாழ ஊர்களையே அழிக்கின்றனர் என்கிறது. பட்டினியால் வாடிச் சாவதைவிட வீரத்தோடு சாவது நன்று என்ற முடிவும் அதில் உண்டு. கையொப்பமிட்டோர் தம்மை ஏழை மண்வெட்டிகள், நாட்கூலிகள் என்றே குறித்துள்ளனர்.

இனி நாடகத்திற்கு வருவோம். ஷேக்ஸ்பியர் கையாண்ட மூலம், தாமஸ் நார்த் 1579-இல் ஆங்கிலத்தில் தந்த புளூட்டார்க்கின் நூல். அதில் ரோமானிய ஏழைகளின் முதல் கிளர்ச்சிக்குக் காரணம் கந்துவட்டிக் கொடுமை. அவர்கள் ஆயுதமின்றி நகரை நீங்கி ஒரு குன்றில் தங்குகின்றனர். தானியப் பஞ்சம் பிறகே வருகிறது. ஷேக்ஸ்பியர் வட்டியைப் பின்னுக்குத் தள்ளினார். பஞ்சத்தை முதற்காட்சிக்குக் கொணர்ந்தார். மக்களை ஆயுதத்தோடு நகருக்குள்ளேயே நிறுத்தினார். மூலத்திலிருந்து அவர் விலகும் இந்த இடத்தில்தான் 1607 நாடகத்துள் நுழைகிறது.

அவர் அந்த அறிக்கையைக் கண்டார் என்பதற்குச் சான்றில்லை. சொல்லொற்றுமை கொண்டு ‘இதிலிருந்து அது வந்தது’ என நிறுவ முயன்றால் வாசிப்பு வழுக்கிவிடும். இரு எழுத்துகளும் ஒரே நெருக்கடியிலிருந்து பிறந்தவை என்பதே உறுதியாகக் கூறத்தக்கது.

ஒப்பீட்டின் பெரும்பயன் வேறுபாட்டில் உள்ளது. அறிக்கை பசிக்குக் காரணம் சொல்கிறது: வேலி, ஆடு, அழிந்த ஊர். நாடகத்தில் பசி உண்டு, பதுக்கல் உண்டு. உழுநிலம் மேய்ச்சல் நிலமான செய்தி இல்லை. காரணம் பாதி மறைந்துவிடுகிறது. இதை எண்ணும்போது ஆசிரியரின் இருப்பிடத்தையும் காண வேண்டும். 1598-இன் தானியக் கணக்கெடுப்பில் ஷேக்ஸ்பியர் பெயரில் 10 குவார்ட்டர் மால்ட் பதிவாகியுள்ளது. 1602-இல் 107 ஏக்கர் நிலம் வாங்கினார். 1605-இல் 440 பவுண்டுக்குத் தசமபாகக் குத்தகை பெற்றார். அவர் களஞ்சியத்தின் வெளியே நின்றவரல்லர்.

ஆயினும் அவர் எழுதிய குடிமகன் வாயடைத்துப் போவதில்லை. பிரபுவான மெனீனியஸ், பஞ்சத்தை அனுப்பியவர்கள் தேவர்களே என்கிறார். வயிறே உடல் முழுவதற்கும் உணவு பகிர்கிறது, ஆட்சிமன்றமே அவ்வயிறு என்று கதை சொல்கிறார். குடிமகன் இடைமறித்துக் கேள்வி கேட்கிறான். பிரபுக்கள் எங்களைப் பேணியதே இல்லை என்று அவன் முன்பே சொல்லிவிட்டான். அக்கூற்றுக்குக் கதையில் பதிலில்லை.

257 ஆண்டுகள் கழித்து, 1865-இல், முதல் அகிலத்தின் பொதுக்குழுவில் மார்க்ஸ் இக்கதையையே எடுத்தார். ஒருவருடைய வயிற்றை நிரப்பினால் மற்றொருவருடைய உறுப்புகள் எப்படி உணவு பெறும் என்பதை மெனீனியஸ் காட்டவில்லை என்றார். மேடையில் நின்ற கேள்விக்கும் ஹாம்ப்டன் வயலிலிருந்து புறப்பட்ட அறிக்கைக்கும் இடையே விடுபட்ட கண்ணி அதுவே: வயிறு ஒருவருடையது; உழைக்கும் கை இன்னொருவருடையது.