மஞ்சள் காமாலை: மலத்தின் நிறத்தையும் பாருங்கள்

(நெமிலிச்சேரி கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் போல இறங்கினால் நம் பக்கத்தில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் குடித்த பலர் குணமாவதும் உண்டு. ஏனென்றால் அசுத்தத் தண்ணீரால் வரும் கல்லீரல் அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பெயர் மட்டும் இலைக்குப் போகிறது. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி கிருமியை அகற்றுவதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

காமாலைக்கு வேறொரு காரணமும் உண்டு. கல்லீரலில் ஊறும் பித்தம் ஒரு மெல்லிய நாளத்தின் வழியே குடலுக்கு வருகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுவே. கல்லோ கட்டியோ அந்த வழியை அடைத்தால், பித்தத்திலுள்ள மஞ்சள் பொருள் இரத்தத்துக்குத் திரும்பும். சிறுநீர் கறுக்கும், மலம் களிமண் போல வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும்.

அறுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலியில்லை, காய்ச்சலில்லை; மஞ்சள் மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறது, உடம்பு மெலிகிறது. கணையத்தில் கட்டியோ என்று சந்தேகிக்க வேண்டிய நிலை இது. வயிற்று ஸ்கேனில் நாளம் வீங்கியிருப்பது தெரியும். பத்தியத்தில் ஒரு மாதம் போனால், அறுவைக்கு ஏற்ற காலமே கடந்துவிடக்கூடும்.

கல் அடைத்திருந்தால், வாய்வழியே குழாய் செலுத்திப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஆனால் காமாலையோடு வயிற்றுவலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அடைபட்ட பித்தத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.