சீட்டு நம்பரா, மூச்சுக் கணக்கா?



புறநோயாளிகள் பிரிவில் 40-ஆம் சீட்டுக் குழந்தையை நர்ஸம்மா முதலில் டாக்டரிடம் அனுப்பினால், "நாங்க விடியக்காலமே வந்தோமே!" என்று கோபம் வரும். காரணத்தைக் கேளுங்கள்.

அந்த 8 மாதக் குழந்தைக்கு இருமல். அழும்போது எண்ணினால் கணக்குத் தப்பும். எனவே அமைதியாக இருக்கையில் சட்டையைத் தூக்கி, கடிகாரம் பார்த்து, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார். 58! இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழியும் விழுந்தது. அது இன்னும் ஆபத்து.

வீரிட்டு அழும் பிள்ளை பெரும்பாலும் சற்றுப் பொறுக்கும். அழக்கூடத் தெம்பின்றித் துவண்ட பிள்ளை பொறுக்காது. பால் குடிக்கவில்லை, வலிப்பு வந்தது, குடித்ததெல்லாம் வாந்தி என்றால் வரிசையில் நிற்காதீங்க. நேரே நர்ஸம்மா மேசைக்குப் போய்ச் சொல்லுங்க.