ஊதிப் பார்த்து எழுதி வைப்போம்

(அறக்கட்டளையின் மருத்துவ நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் கொல்லிமலையில் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பெரிய சோதனை இரவில் மூச்சு இறுகுவதுதான். காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகவே மூச்சு முட்டிய பிறகு வண்டி தேடுவதைவிட, இரண்டு நாள் முன்பே தெரிந்துகொள்வது மேல். அதற்குத்தான் பீக் ஃப்ளோ மீட்டர்.

காலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும், மாலையில் மஃரிபுக்குப் பிறகும், மருந்து இழுப்பதற்கு முன் ஊத வேண்டும். முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளி, எழுந்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, குழலை உதடுகளால் இறுகக் கவ்வி, ஒரே வேகத்தில் பலமாக ஊதுங்கள். மெழுகுவர்த்தியை அணைப்பது போலத்தான். மெதுவாக நீட்டி ஊதினால் எண் குறையும். நாக்கு குழலை அடைத்தாலும் குறையும். விரல் முள்ளின் பாதையைத் தடுக்கக் கூடாது. மூன்று முறை ஊதி, சராசரி பார்க்காமல் பெரிய எண்ணை எழுதுங்கள்.

நன்றாக இருக்கும் இரண்டு வாரங்களில் வந்த மிகப் பெரிய எண்தான் உங்கள் அளவு. பக்கத்து வீட்டாரின் எண் உதவாது. மீட்டரையும் மாற்ற வேண்டாம்.

ஒரு தாயாரின் அளவு 400 என்று வைத்துக்கொள்வோம். 320க்கு மேல் பச்சை, 200 முதல் 320 வரை மஞ்சள், 200க்குக் கீழ் சிவப்பு. புதன் காலை 380, வியாழன் 350, வெள்ளி 310. இரவில் இருமல் மட்டும்தான், இழுப்பு இல்லை. "பனிக்கு இப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். ஆனால் 310 மஞ்சள். மருத்துவர் மஞ்சளுக்கு எழுதித் தந்த மருந்தைத் தொடங்க வேண்டிய நாள் அதுதான். சல்பியூட்டமால் எடுத்து 20 நிமிடம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். பச்சைக்குத் திரும்பவில்லை என்றால், வெளிச்சம் இருக்கும்போதே செம்மேடு அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

200க்குக் கீழே போனால் காத்திருப்பே கூடாது. நேராக உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 பஃப் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். உதவி வரும்வரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதையே கொடுக்கலாம். பேசவே முடியாமல் திணறினால், உதடு நீலமானால், மீட்டரைத் தேடவே வேண்டாம்.

நோன்பு நாளில் ஊதுவதால் உடலுக்குள் எதுவும் போவதில்லை. தினசரி இன்ஹேலரை ஸஹரிலும் இஃப்தாரிலும் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். பகலில் இன்ஹேலர் இழுப்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எண் மஞ்சளில் இறங்கிய பிறகு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, நோன்பைப் பிறகு களா செய்யலாம்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சரியாக ஊத வராது. அவர்களுக்கு இந்த எண்ணை நம்பாமல், விலா எலும்புக்கிடையே சதை உள்ளே இழுக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பாருங்கள்.