அந்தப் போரை ஓட்டுக்காகத்தான் ஆரம்பிச்சாங்களா? தேதியைப் பாருங்க

(ஐடி விங் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



உலகத்துல எங்க குண்டு விழுந்தாலும் நம்ம ஆளுங்க போடுற முதல் கமெண்ட் என்ன? "செல்வாக்கு சரிஞ்சுது, அதான் போரை ஆரம்பிச்சுட்டான்." லைக் அள்ளும். ஆனா எதிர்த்தரப்புல ஒருத்தர் "ஆதாரம் எங்க?"ன்னு கேட்டா நம்ம கையில என்ன இருக்கு? அதை எப்படிச் சோதிக்கிறதுன்னுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

இதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. நெருக்கடி வந்தா மக்கள் தலைவர் பின்னால திரளுவாங்க. இது அளந்து பார்த்த உண்மை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்னாடி காலப் கருத்துக்கணிப்புல புஷ்ஷுக்கு ஆதரவு 51 சதவீதம், ரெண்டே வாரத்துல 90. ஆனா திரளுறாங்க என்பது ஒண்ணு, அந்தத் திரளுக்காகவே தலைவர் போரைத் தொடங்கினார் என்பது வேற ஒண்ணு. முதலாவதைக் காட்டி ரெண்டாவதை நிரூபிச்ச மாதிரி பேசுறதுதான் நம்ம பதிவுகள்ல அதிகம் நடக்குது.

பாடப்புத்தக உதாரணம், 1982 ஃபாக்லாந்து போர். அர்ஜென்டினாவில் ஜெனரல் கால்டியேரி தலைமையில் ராணுவ ஆட்சி. முந்தின வருஷமே விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல ஏறியிருந்துச்சு. மார்ச் 30 அன்று தொழிற்சங்கங்கள் தலைநகர் பியூனஸ் ஐரெஸில் போராட்டம் நடத்த, போலீஸ் அடிச்சு விரட்டி ஆயிரக்கணக்குல கைது பண்ணுது. ஏப்ரல் 2, பிரிட்டன் கையில இருந்த ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினா படை இறங்குது. அன்னைக்கே தலைநகரோட மே சதுக்கத்துல ஜனங்க கூடி ஆரவாரம் பண்றாங்க. மூணே நாள் இடைவெளி. கேஸ் முடிஞ்ச மாதிரி தெரியுதுல்ல?

இங்கதான் நிதானிக்கணும். படை இறங்கின தேதியைப் பார்க்காதீங்க, முடிவெடுத்த தேதியைப் பாருங்க. இறங்குறதுன்னு ஆட்சிக்குழு முடிவெடுத்தது மார்ச் 26. போராட்டம் நடக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடி! அதுக்கும் முன்னாடி போனா, தாக்குதல் திட்டத்தைத் தயாரிக்கச் சொல்லிக் கடற்படைத் தளபதி அனாயா உத்தரவு போட்டது 1981 டிசம்பர்ல. தாக்குதலை 1982-ன் பிற்பகுதியில் வைக்கிறதாத்தான் யோசனை. நடுவுல மார்ச் 19 அன்று பக்கத்துல இருக்கிற தெற்கு ஜார்ஜியா தீவுல, பழைய இரும்பு எடுக்கப்போன அர்ஜென்டினா ஆளுங்க தங்கள் கொடியை ஏத்த, பிரிட்டன் கப்பல் அனுப்புச்சு. நீர்மூழ்கிகளும் வருதுன்னு பேச்சு கிளம்புச்சு. அது வந்துட்டா அப்புறம் தீவுப்பக்கமே போக முடியாதுன்னுதான் அவசரப்பட்டாங்க. பிரான்ஸ்ல ஆர்டர் கொடுத்த விமான எக்சோசெட் ஏவுகணைகள்ல கையில வந்திருந்தது அஞ்சே அஞ்சு.

அப்போ உள்நாட்டு நெருக்கடிக்குப் பங்கே இல்லையா? இருக்கு. தீவைப் பிடிச்சா நாடே கொண்டாடும்னு தெரிஞ்சு போட்ட திட்டம்தான் அது. பின்வாங்கினா மானம் போயிடும்ங்கிற பயமும் அதே நெருக்கடியில வந்ததுதான். ஆனா "போராட்டத்தை மறைக்கப் போர்" என்கிற ஒற்றை வரிக் கதை தேதி முன்னாடி நிக்காது. என் கணிப்பு இது: நெருக்கடி ஆசையைக் கொடுத்துச்சு, நேரத்தைக் கொடுத்தது தெற்கு ஜார்ஜியா.

சரி, ஒரு உதாரணத்தை விட்டுட்டு நூறு நாட்டு டேட்டாவை எடுத்தா என்ன? ஆய்வாளர்கள் பல பத்தாண்டா எடுத்துப் பார்க்கிறாங்க, முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை. ஒரு முக்கியக் காரணம் இருக்கு. ஒரு தலைவர் உள்ளூர்ல ஆட்டம் கண்டா, எதிரி நாடும் அதைக் கவனிக்குது. "இவன் சண்டைக்குச் சாக்கு தேடுறான்"னு தெரிஞ்சதும் அது வாலைச் சுருட்டிக்கும், சாக்கே கொடுக்காது. அப்போ ஆசை இருந்தும் போர் நடக்காது, டேட்டாவுல பூஜ்யம்னு பதிவாகும். நடந்த போர்களை மட்டும் எண்ணினா எதிர்ப்பக்கத் தப்பு: ஆட்டம் கண்டும் போருக்குப் போகாத தலைவர்கள் கணக்குலயே வரமாட்டாங்க.

பிரிட்டன் பக்கமும் பாருங்க. "ஃபாக்லாந்துதான் தாட்சரைக் காப்பாத்துச்சு"ன்னு எல்லாரும் சொல்லுவோம். 1987-ல டேவிட் சாண்டர்ஸ் குழு மாதவாரியா கணக்குப் போட்டாங்க. தாட்சர் கட்சியோட ஆதரவு போருக்கு முன்னாடியே, 1982 தொடக்கத்துலேயே ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. காரணம் பொருளாதாரம். போர் தனியா சேர்த்தது சுமார் 3 சதவீதப் புள்ளி, அதுவும் ஏறத்தாழ மூணு மாசத்துக்குத்தான்னு சொன்னாங்க. 'இல்லை, இன்னும் பெருசு'ன்னு மறுத்த ஆய்வும் வந்துச்சு. அந்தச் சண்டை முடியலை. ஆனா தேர்தல் முடிவுக் கணக்குல சண்டையே இல்லை: 1979-ல கன்சர்வேட்டிவ் கட்சி வாங்கினது 43.9 சதவீதம், போர்ல ஜெயிச்ச பிறகு 1983-ல 42.4. ஓட்டு குறைஞ்சும் 144 சீட் மெஜாரிட்டி வந்ததுக்கு எதிர்க்கட்சி ரெண்டா உடைஞ்சதும் ஒரு பெரிய காரணம். அதை யாரும் மீம் போடலை.