ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சமையல் சேனல்

சமையல் வீடியோ போட்டா காசு எப்படி வருதுன்னு எல்லாரும் கேக்குறதால, அதையே சொல்றேன்.

யூடியூப்ல வீடியோ போட்டதுமே விளம்பரப் பணம் வராது. 1000 பேர் சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள நம்ம வீடியோக்களை எல்லாருமா சேர்ந்து 4000 மணி நேரம் பார்த்திருக்கணும். அதுக்கப்புறமும் 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு வரும். எனக்கு அங்க வந்து சேர பதினாலு மாசம் ஆச்சு. அவ்வளவு நாள் கைக்காசு போடாம நடத்தணும்னா, வெளிச்சத்துக்குச் செலவு பண்ணக் கூடாது.

நான் லைட் எதுவும் வாங்கலை. கேஸ் அடுப்பை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வச்சுக்கிட்டேன். ஜன்னல் போனுக்கு எதிர்ல இருந்தா சட்டி கறுப்பா தெரியும். நமக்குப் பின்னால இருந்தா நம்ம நிழலே சட்டியில விழும். வெயில் நேரா அடிச்சா ஜன்னல்ல பழைய வெள்ளை வேட்டி கட்டுவேன். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினா நிழல் குறையும். டியூப் லைட்டை அணைச்சிடணும். ரெண்டு வெளிச்சமும் கலந்தா நிறம் மாறும். துருவின தேங்காய் போன்ல வெள்ளையா தெரிஞ்சா நிறம் சரி. மஞ்சளாவோ நீலமாவோ இருந்தா சரியில்லை.

எங்க வீட்டுல நல்ல வெளிச்சம் காலை எட்டரையிலிருந்து பத்தரை வரைக்கும்தான். அதனால காய் நறுக்கி, மசாலா அரைச்சு முதல் நாளே வச்சிடுவேன். ஞாயிறு, புதன் எடுக்கறது. செவ்வாய், வெள்ளி பதினொரு மணிக்குப் போடறது. வெளியாகற நேரத்தை முன்னாடியே குறிச்சு வைக்கலாம். மழை, காய்ச்சல், விசேஷம்னு வந்தா விட்டுப்போகாம இருக்க, ரெண்டு வீடியோ எப்பவும் கையிருப்புல இருக்கும்.

இப்படித் தவறாம போட்டதைப் பார்த்துத்தான் ஒரு மசாலா கம்பெனி வந்தாங்க. சாம்பார் பொடிக்கு 2500 ரூபாய் பேச்சு. முதல்ல பாக்கெட்டுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கான்னு பார்த்தேன். ரெண்டு தடவை குழம்பு வச்சுப் பார்த்தேன். 'இது சர்க்கரையைக் குறைக்கும்னு சொல்லுங்க'ன்னாங்க. "ருசியைச் சொல்றேன், வைத்தியம் சொல்ல மாட்டேன்"னு சொல்லிட்டேன். நம்மளை நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டா என்ன ஆகும்? ஒத்துக்கிட்டாங்க. பாதிப் பணம் முன்னாடி, மீதி வீடியோ வெளியானதும். இது காசு வாங்கின விளம்பரம்னு வீடியோ ஆரம்பத்துலயே சொன்னேன். போடும்போது யூடியூப்ல அதுக்குன்னு இருக்கற கட்டத்துலயும் டிக் பண்ணினேன்.

விளம்பரம் தர்றோம், முதல்ல நீங்க பணம் கட்டுங்கன்னு யாராவது கேட்டா கட்டாதீங்க. மெயில்ல ஃபைல் அனுப்பித் திறக்கச் சொன்னாலும் திறக்காதீங்க. சேனலே கைவிட்டுப் போயிடும்.

ஆரம்பிக்க நினைக்கறவங்க நாளைக்குக் காலையில, உங்க அடுப்படியில எந்நேரம் தேங்காய் வெள்ளையா தெரியுதுன்னு போன்ல பாருங்க. அந்த நேரத்தை வச்சு மத்த வேலையை மாத்திக்கலாம்.