ஏட்டிருப்பும் கையிருப்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் மாதக் கடைசி நாளன்று, கடை அடைத்த பின்னர், சரக்கு முழுவதையும் எண்ணிப் பார்க்கிறோம். நம் வீட்டுக்கு வேண்டிய புழுங்கல் அரிசியும் நல்லெண்ணெயும் காப்பிப் பொடியும் இவ்வூர்க் கடைவீதியில் நினைத்தபோது கிடைப்பதில்லை என்பதற்காகத் தொடங்கிய கடை அது. அந்த எண்ணிக்கை எவ்வாறு நடைபெறுகிறது, ஏட்டிலுள்ள கணக்கும் கையிலுள்ள சரக்கும் மாறுபட்டால் என்ன செய்கிறோம் என்பதை எடுத்துச் சொல்லுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். எண்ணும் பொறுப்பை ஏற்றுள்ள எங்களுள் பெரும்பாலோர் இரயில்வே குமாஸ்தாக்கள். ஆதலின் எங்கள் இலாகாவில் பழகிய முறையையே இங்கும் பின்பற்றுகிறோம்.

இரயில்வேப் பண்டகசாலைகளில் சரக்கு வைத்திருக்கும் இடத்திலேயே ஓர் அட்டை தொங்கும். வரவும் செலவும் அதில் அவ்வப்போது பதியப்படும். அலுவலகத்தில் தனியே பேரேடு இருக்கும். இன்று அக்கணக்குகள் பெரும்பாலும் கணிப்பொறிக்குப் போய்விட்டன. ஆயினும் அடிப்படை மாறவில்லை. சரக்கைச் சரிபார்க்க வருபவர் பண்டகசாலை இலாகாவைச் சேர்ந்தவர் அல்லர். கணக்கு இலாகாவைச் சேர்ந்தவர். சரக்கைக் காப்பவர் ஒருவர், அதை எண்ணுபவர் வேறொருவர் என்னும் இந்த ஏற்பாடு இரு தரப்பாருக்கும் பாதுகாப்பாகும்.

ஏட்டிருப்பு என்பது எளிய கணக்கு. மாதத் தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் அது கிடைக்கும். இத்தொகையை எண்ணுகிறவருக்கு நாங்கள் காட்டுவதில்லை. 54 கிலோ இருக்க வேண்டும் என்று தெரிந்தவர், 53 கிலோவை நிறுத்ததும் இன்னும் ஒரு கிலோவைத் தேடத் தொடங்குவார். 54 கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிடுவார். ஆகவே எண்ணுபவர் கையில் பொருளின் பெயர் மட்டும் எழுதிய தாள் இருக்கும். ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுதுவார். விற்பனையாளர் உடனிருந்து பார்த்துக் கையெழுத்திடுவார். எண்ணத் தொடங்குமுன் கடைசி விற்பனை ரசீதின் எண்ணையும், கடைசியாகச் சரக்கு வந்த பட்டியலின் எண்ணையும் குறித்துக்கொள்வோம். அந்த எல்லைக்கு உட்பட்டவை மட்டுமே அம்மாதக் கணக்கில் சேரும்.

சென்ற மார்ச்சு மாத எண்ணிக்கையில் என்ன நேர்ந்தது என்பதைச் சொன்னால் மற்றவை தாமே விளங்கும். புழுங்கல் அரிசியில் 25 கிலோவும், துவரம் பருப்பில் 9 கிலோவும், வெல்லத்தில் ஒரு கிலோவும், காப்பிப் பொடியில் மூன்று அரைக்கிலோ பொட்டலங்களும் குறைந்திருந்தன. பச்சரிசி 25 கிலோவும், நல்லெண்ணெய் 12 புட்டிகளும் மிகுந்திருந்தன. குறைந்ததை எல்லாம் விற்பனையாளரின் சம்பளத்தில் பிடித்துவிடலாம் என்றார் கமிட்டி அன்பர் ஒருவர். மிகுதியையும் குறைவையும் பணமாக்கி ஒன்றுக்கொன்று கழித்துவிட்டால் வேலை முடிந்தது என்றார் மற்றொருவர். சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் ஓர் இளைஞரின் நற்பெயர் இதில் அடங்கியிருந்தது. எனவே, இரண்டில் எதையும் செய்யுமுன், மாறுபட்ட ஆறு பொருள்களையும் வேறிருவரைக் கொண்டு மறுபடி எண்ணச் செய்தோம். அதே தொகைகளே வந்தன. அதன் பின்னரே ஏடுகளைப் புரட்டினோம்.

முதலில் அரிசி. புழுங்கல் அரிசி ஏட்டில் 340 கிலோ, கையில் 315. பச்சரிசி ஏட்டில் 120, கையில் 145. ஒன்றில் குறைந்த அளவே மற்றொன்றில் மிகுந்திருப்பின், பொருள் எங்கும் போகவில்லை. எழுத்துத்தான் இடம் மாறியிருக்கிறது என்று ஐயுறலாம். பட்டியல்களை எடுத்துப் பார்த்தபோது, பச்சரிசி மூட்டை ஒன்று புழுங்கல் அரிசி அட்டையில் வரவாகியிருந்தது. அரிசி மொத்தம் 460 கிலோ என்று மட்டும் பார்த்திருந்தால் இப்பிழை வெளிப்பட்டே இராது.

அடுத்தது துவரம் பருப்பு. ஏட்டில் 54, கையில் 45. வேறுபாடு ஒன்பதால் மீதமின்றி வகுபடுமாயின், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கர்களிடையே பழைய குறிப்பு. அது ஐயத்துக்கு வழிகாட்டுமே அன்றிச் சான்றாகாது. அட்டையை வரிவரியாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். 72 கிலோவிலிருந்து 27 கிலோ செலவாகி 45 என்று எழுத வேண்டிய வரியில் 54 என்று எழுதியிருந்தது. பருப்பு ஒரு மணியும் குறையவில்லை.

நல்லெண்ணெய் மிகுந்ததற்குக் காரணம் வேறு. மாதக் கடைசி நாள் மாலையில் 12 புட்டிகள் கொண்ட பெட்டி ஒன்று வந்து உள்ளே வைக்கப்பட்டிருந்தது. அதன் பட்டியல் மறுநாள்தான் ஏட்டில் ஏறியது. சரக்கு ஒரு மாதத்திலும் எழுத்து அடுத்த மாதத்திலுமாகப் பிரிந்துவிட்டன. மிகுதிதானே என்று இதை விட்டிருந்தால், அது வேறொரு குறையை மறைக்கும் திரையாகியிருக்கும்.

வெல்லம் உண்மையாகவே குறைந்திருந்தது. மூட்டையாக வாங்கி அரைக்கிலோப் பொட்டலங்களாகக் கட்டுகிறோம். கட்டி வைத்திருந்த பத்துப் பொட்டலங்களைப் பிரித்து நிறுத்தோம். ஐந்து கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 5 கிலோ 100 கிராம் இருந்தது. பொட்டலத்துக்குப் பத்துக் கிராம் கூடுதல். அம்மாதம் கட்டியவை 96 பொட்டலங்கள். ஆகவே 960 கிராம் இவ்வழியே சென்றது. ஒரு கிலோக் குறைவுக்கு இது ஏறக்குறைய விடையாயிற்று. சில்லறையாக நிறுத்து விற்கும் பண்டத்தில் இத்தகைய தேய்மானம் சிறிது இருக்கவே செய்யும். ஆயினும் அளந்து பாராமல், எல்லாக் குறையையும் தேய்மானம் என்று எழுதிவிடல் ஆகாது.

எஞ்சியது காப்பிப் பொடி. ஏட்டில் 27 பொட்டலங்கள், கையில் 24. ரசீதுகளைப் பார்த்தோம், திருப்பிக் கொடுத்த சரக்கைப் பார்த்தோம், அலமாரிகளின் பின்புறமும் தேடினோம். காரணம் கிடைக்கவில்லை. எண்ணிக்கை என்பது எவ்வளவு குறைந்தது என்று சொல்லும். யார் எடுத்தார் என்று சொல்லாது. ஆதலின் மூன்று பொட்டலங்கள் குறைவு, காரணம் தெரியவில்லை என்றே நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, கமிட்டியின் தீர்மானத்தின்மீது நட்டக் கணக்கில் சேர்த்தோம். அடுத்த நான்கு வாரங்கள் காப்பிப் பொடியை மட்டும் வாரந்தோறும் எண்ணினோம். குறைவு ஏற்படவில்லை. பழைய மூன்றுக்குக் காரணம் இன்றுவரை தெரியவும் இல்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றுக்கும் ஏட்டையே திருத்தினோம். ஆனால் பழைய எழுத்தை அழிக்கவில்லை. தனி வரியில் காரணத்தையும் பட்டியல் எண்ணையும் எழுதி, இருவர் ஒப்பமிட்டோம். வெல்லத்துக்கும் காப்பிக்கும் குறைந்த அளவை நட்டமாகக் காட்டினோம். ஏடு பிழையா, சரக்குக் குறைவா என்று பிரித்தறியாமல், ஏட்டை இழுத்துக் கையிருப்போடு பொருத்திவிட்டால் அது கணக்கன்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் குறைந்த பருப்பும் கடையிலிருந்து போன பருப்பு அன்று. விற்பனையாளரின் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கவில்லை. அடுத்த எண்ணிக்கை இம்மாதக் கடைசி நாள் இரவு எட்டரை மணிக்கு. கையில் பேனாவுடன் இரண்டு பேர் கூடுதலாக வந்தால், ஒன்பதரைக்குள் வீடு திரும்பலாம்.