போலி இஸ்திரிப் பெட்டியும் புகைப்படச் சாட்சியமும்

நெய்வேலி நகரியத்தில் ஒருவர் பெயர்பெற்ற கம்பெனியின் இஸ்திரிப் பெட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் அது புகைகிறது. சர்வீஸ் சென்டரில், "இது எங்கள் சரக்கே இல்லை" என்கிறார்கள். அந்த வார்த்தையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் தொடுக்கும் வழக்கின் உயிர்நாடி அதுதான்.

அடுத்தது புகைப்படம். கருகிய பெட்டியை மட்டும் எடுத்தால் பழுது தெரியும், போலி என்பது தெரியாது. பெட்டியின் வரிசை எண், ஐஎஸ்ஐ முத்திரை, அதோடு உள்ள CM/L எண், அட்டைப்பெட்டி, பில் ஆகியவற்றைத் தனித்தனியே நெருக்கமாக எடுங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். BIS Care செயலியில் CM/L எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரியும். வேறு கம்பெனியின் பெயர் வந்தால் அந்தத் திரையையும் படமாக வையுங்கள்.

செல்போன் படங்களோடு பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படியான சான்றிதழும் இணைப்பது நல்லது. எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான். பெட்டியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப நேரலாம்.

நெய்வேலிக்காரர்கள் போக வேண்டியது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வெளியூரில் வாங்கியிருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசிக்கும் ஊரிலிருந்தே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு.